டொராண்டோவில் முதல் குளிர்காலம்: ஈரத்தைக் கவனியுங்கள்

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டொராண்டோவுக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியில் முதலில் அடுக்குவது ஸ்வெட்டர்களைத்தான். அத்தை பின்னிக் கொடுத்தது, ஊட்டியில் வாங்கிய சால்வை, மங்கி குல்லா என்று 5, 6 கிலோ அதிலேயே போய்விடும். அங்கே போன பிறகு அவற்றில் பாதிக்கு மேல் அலமாரியிலேயே கிடக்கும். நாம் அறிந்த குளிர் வேறு, அந்த ஊர்க் குளிர் வேறு. ஊட்டியில் மார்கழி இரவில் 5 டிகிரி இருந்தால் நமக்குப் பல் கிட்டுகிறது. டொராண்டோவில் ஜனவரி மாதம் பகலிலேயே பூஜ்ஜியத்தைத் தாண்டாத நாட்கள் நிறைய. இரவில் மைனஸ் 7, 8 என்பது சாதாரணம். பெரும்பாலான ஆண்டுகளில் மைனஸ் 15க்கும் கீழே இறங்கும் நாட்கள் சிலவாவது வந்துபோகும்.

இந்த எண்களைக் கேட்டு மிரண்டுபோய், கடையில் இருப்பதிலேயே கனமான கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டால் போதும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். டொராண்டோ மேலும் கீழும் ஆடும் ஊர். பகலில் பனி உருகித் தெருவெல்லாம் சேறாகும், இரவில் அதே நீர் கண்ணாடிபோல் உறையும். மைனஸ் 30இல் உலர்ந்து கிடக்கும் வின்னிபெக் போன்ற ஊரைவிட இங்கே நம்மைத் துன்புறுத்துவது ஈரம். சட்டைக்குள் வியர்வையாகவும், காலடியில் பனிக்கட்டியாகவும், ஜன்னலில் நீர்த்துளியாகவும் அது வருகிறது. அடுத்த அறையில் அதுவே போதாமல் போய் உதடு வெடிக்கிறது. நீர் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்று கவனிக்கப் பழகிவிட்டால் முதல் குளிர்காலத்தின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும் என்பது என் கருத்து.

பேச்சுக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து அக்டோபர் கடைசியில் வருகிறார்கள். ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் அடித்தளத்தில், அங்கே எல்லோரும் சொல்கிறபடி சொன்னால் ‘பேஸ்மென்ட்’டில், வாடகைக்குக் குடியேறுகிறார்கள். கணவருக்கு ஒரு கிடங்கில் வேலை. பத்து நிமிடம் நடந்து, பஸ் பிடித்துப் போக வேண்டும். மனைவி வீட்டில் கைக்குழந்தையுடன் இருக்கிறார். மூத்தவள் இரண்டாம் வகுப்புப் போகிறாள். கார் இல்லை. கையில் இருக்கும் பணத்தை யோசித்துத்தான் செலவிட வேண்டும்.

காலிலிருந்து தொடங்குங்கள்

அந்தத் தெருவில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் புதிதாக வருகிற யாரிடமும் சொல்வது இதைத்தான்: “தம்பி, முதல்ல பூட்ஸை வாங்குங்கோ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்.” இதைவிட நல்ல யோசனையை நான் கேட்டதில்லை. கோட்டு சுமாராக இருந்தால் உள்ளே இன்னொரு சட்டை போட்டுச் சமாளிக்கலாம். பூட்ஸ் சுமாராக இருந்தால் கால் நனையும், அல்லது வழுக்கி விழுவோம். இரண்டுக்கும் மாற்று கிடையாது.

பூட்ஸின் பெட்டியில் ‘மைனஸ் 30 வரை’ என்று அச்சடித்திருப்பார்கள். அந்த எண் வெப்பக்காப்பைப் பற்றியது. வழுக்குமா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. டொராண்டோவிலேயே ஒரு மறுவாழ்வு மருத்துவ ஆய்வு நிறுவனம், பனிக்கட்டித் தரை போட்ட, சாய்க்கக்கூடிய ஓர் அறையைக் கட்டி, பூட்ஸ்களை இதற்காகவே சோதிக்கிறது. பாதுகாப்புக் கச்சை மாட்டிய மனிதர்கள் அந்தத் தரையில் ஏறி இறங்குகிறார்கள். எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நடக்க முடிகிறதோ அதற்கேற்பப் பனித்துளிச் சின்னங்களைக் கொடுக்கிறார்கள். 7 டிகிரி சாய்வைத் தாண்டினால் ஒன்று, 11க்கு இரண்டு, 15க்கு மூன்று. நடைபாதை சாலையில் இறங்கும் இடத்தில் இருக்கக்கூடிய சரிவு ஏறத்தாழ 7 டிகிரி என்பதால் அதையே குறைந்தபட்சமாக வைத்தார்கள். 2016இல் முதல் முடிவுகளை வெளியிட்டபோது, சோதித்த 98 ஜோடிகளில் பத்தில் ஒரு பங்குகூட அந்த ஒற்றைச் சின்னத்தைப் பெறவில்லை. பெயர் பெற்றவை, விலை உயர்ந்தவை எல்லாம் அதில் அடக்கம். அந்தப் பட்டியல் Rate My Treads என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடைக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அளவிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் ஊரில் செருப்பு காலைக் கவ்விப் பிடித்தால் நல்ல அளவு என்போம். குளிர்கால பூட்ஸில் விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும். விரல்களைச் சுற்றி நிற்கும் அசையாத காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அந்தக் காற்றும் போகிறது, இரத்த ஓட்டமும் குறைகிறது. இரண்டு மூன்று காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, ‘இன்னும் கால் குளிருதே’ என்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான். கம்பளி கலந்த தடித்த காலுறை ஒரு ஜோடி போதும். அதை மாட்டிக்கொண்டே கடையில் பூட்ஸைப் போட்டுப் பாருங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்த நேரத்தில் வாங்குவது நல்லது. உள்ளுறையைத் தனியே கழற்ற முடிகிற பூட்ஸாக இருந்தால் இரவில் எடுத்து உலர வைக்கலாம். கிடங்கு வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய வசதி.

குழந்தைகளின் கோட்டைப் பழைய பொருள் கடையில் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. அங்கத்துப் பிள்ளைகள் ஒரு குளிர்காலம் போட்டுவிட்டு வளர்ந்துவிடுகிறார்கள், பாதி விலைக்கும் குறைவாகப் புதிது போலவே கிடைக்கும். பூட்ஸை மட்டும் அடியைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால், அல்லது நகத்தால் அழுத்தும்போது பிளாஸ்டிக் போல் விறைத்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வியர்வை என்னும் பகை

இனி உடலுக்கு வருவோம். உடை சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடலில் உண்டாகும் சூடு ஓடிப்போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. நூலிழைகளுக்கு இடையில் சிக்கி நிற்கும் காற்றுதான் அந்தத் தடுப்பு. அந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் தடுப்பு போயிற்று, ஏனென்றால் காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நாம் உயிராக நேசிக்கும் பருத்தி இங்கே கைவிடுகிறது. வியர்வையை உறிஞ்சி, விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, தோலோடு ஒட்டிக் கிடக்கும். மே மாதச் சென்னையில் வரமாக இருக்கும் குணம், ஜனவரி டொராண்டோவில் ஆபத்து.

அதனால் தோலைத் தொடும் முதல் அடுக்கு பாலியெஸ்டரிலோ மெரினோ கம்பளியிலோ செய்த மெல்லிய தெர்மல் உடையாக இருக்க வேண்டும். ஈரத்தை வெளியே கடத்துவது அதன் வேலை. அதன்மேல் காற்றைச் சிறைபிடிக்க ஒரு ஃப்ளீஸ் சட்டை அல்லது கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் பனியையும் தடுக்கும் கோட்டு. தொடையை மறைக்கும் நீளம், மணிக்கட்டில் இறுக்கம், காற்று புகாத தலைமூடி ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இறகு நிரப்பியது எடை குறைவு, சூடு அதிகம், ஆனால் நனைந்தால் பந்துபந்தாகத் திரண்டு பயனற்றுப் போகும். ஈரப் பனி விழும் டொராண்டோவில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருவருக்குச் செயற்கைப் பஞ்சு நிரப்பியதையே நான் சொல்வேன். துவைப்பதும் எளிது.

மேலடுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஓர் எண் காட்டும். வெப்பநிலை மைனஸ் 10, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் மூடாத தோலுக்கு அது காற்றில்லாத மைனஸ் 20 போல உறைக்கும். கனடாவின் வானிலை அறிக்கை இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்தே சொல்கிறது. காலையில் அதைப் பார்த்து உடுத்துவதுதான் சரி. அந்த எண் மைனஸ் 28ஐத் தொட்டுவிட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கலாம்.

இப்போது நம் கிடங்குத் தொழிலாளியின் காலைப் பொழுதைப் பார்ப்போம். மூன்று அடுக்கும் போட்டு, கழுத்துவரை ஜிப்பை ஏற்றிக்கொண்டு வேகமாக நடக்கிறார். பத்து நிமிடத்தில் முதுகு சூடாகிறது. பஸ் ஏறினால் உள்ளே ஹீட்டர், கூட்டம். கோட்டைத் திறக்காமல் அரைமணி நேரம் நிற்கிறார். உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது. இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது நனைந்த முதுகில் குளிர் ஏறுகிறது. ‘இவ்வளவு போட்டும் குளிருதே’ என்று மறுநாள் இன்னொரு ஸ்வெட்டரைச் சேர்க்கிறார், இன்னும் அதிகமாக வியர்க்கிறது. அவர் செய்ய வேண்டியது எதிர்த் திசையில் இருக்கிறது. வாசலைத் தாண்டும்போது லேசாகக் குளிர வேண்டும், ஐந்து நிமிட நடையில் அது சரியாகிவிடும். பஸ் வருவது தெரிந்ததும் ஜிப்பை இறக்கி, குல்லாவைக் கழற்றிவிட வேண்டும். இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்பு மறுபடி மூடிக்கொள்ளலாம். வேலை முடிந்து திரும்பும்போது போட ஓர் உலர்ந்த உள்சட்டையும் காலுறையும் பையில் இருக்கட்டும்.

கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் மிட்டன் அதிகச் சூடு தரும். செல்போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறவர்கள் உள்ளே மெல்லிய கையுறையும் மேலே மிட்டனும் போடலாம். சால்வையை முகத்தைச் சுற்றிக் கட்டினால் மூச்சின் ஈரம் அதில் உறைந்து விறைக்கும். தலை வழியாக இழுத்து மாட்டும் கழுத்துறை அதைவிட வசதி. பிள்ளைகளுக்கு அதுதான் பாதுகாப்பும்கூட, விளையாடும்போது எங்கும் சிக்காது.

கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது சேலையை விட வேண்டியதில்லை. பாவாடைக்குப் பதிலாகவோ அதற்கு உள்ளேயோ தெர்மல் லெகின்ஸ், முழங்கால்வரை காலுறை, பூட்ஸ் போட்டுக்கொண்டு, செருப்பைப் பையில் எடுத்துப் போகிறார்கள் அங்கத்துப் பெண்கள். தைப்பொங்கல் அங்கே குளிரின் உச்சத்தில் வருகிறது. பட்டுச் சேலைக்கு மேல் நீளக் கோட்டுடன் கோயில் வாசலில் நிற்கும் கூட்டம் ஸ்கார்பரோவில் புதுமையே இல்லை.

இரண்டாம் வகுப்பு மகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கனடாவில் பள்ளி இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். கடுங்குளிர் எச்சரிக்கை இருந்தாலொழிய பனியைக் காட்டி உள்ளே வைக்க மாட்டார்கள். ஆகவே அவளுக்குத் தண்ணீர் புகாத பனிக் கால்சட்டை கட்டாயம் வேண்டும், மிட்டன் இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று காலை இடைவேளையிலேயே நனைந்துவிடும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். யாருடைய காரிலாவது பிள்ளைகளைக் கூட்டிப் போனால், குழந்தை இருக்கையில் கட்டும்போது தடித்த கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் வாரை மாட்ட வேண்டும். விபத்தில் கோட்டின் பஞ்சு அமுங்கிவிட, வார் தளர்ந்து குழந்தை நழுவிவிடும். வாரை மாட்டிய பிறகு கோட்டை மேலே போர்த்தலாம்.

வீட்டுக்குள் பெய்யும் மழை

அடித்தள வீட்டில் டிசம்பர் மாதம் நடப்பது புதிதாக வருகிறவர்களுக்கு விளங்காத புதிர். மனைவி காலையில் எழுந்து பார்க்கிறார். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து, கீழே சட்டத்தில் தேங்கி நிற்கிறது. மூலையில் கறுப்புப் புள்ளிகள். கூரை ஒழுகுகிறதோ என்று வீட்டுக்காரரை அழைக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, ‘நீங்கள் நிறையச் சமைக்கிறீர்கள்’ என்கிறார். அவமானமாக இருக்கிறது. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கு முன் கணக்கைப் பார்ப்போம்.

அந்த வீட்டின் உள்ளளவு 130 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 21 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 18 கிராம் நீராவியைத் தாங்கும். முழு வீட்டுக்கும் சேர்த்து சுமார் 2.4 லிட்டர் நீர், அவ்வளவுதான். மனைவி துவைத்த துணியை உள்ளேயே கொடி கட்டிக் காயப் போடுகிறார், அதிலிருந்து 2 லிட்டர் நீர் வெளியேறுகிறது. சோறு வடிகிறது, சாம்பார் கொதிக்கிறது, இட்லிப் பாத்திரம் அரைமணி நேரம் ஆவி விடுகிறது, நால்வர் மூச்சு விடுகிறார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. மதுரையில் இந்த ஆவியெல்லாம் திறந்த ஜன்னல் வழியாகப் போய்விடும். இங்கே போவதற்கு வழியில்லாமல், வீட்டிலேயே குளிர்ந்த பரப்பான கண்ணாடியைத் தேடிப்போய் நீராகிறது. குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதுவும் ஒன்றே.

21 டிகிரி வீட்டில் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். 30 சதவீதம் என்றால் 3 டிகிரிக்குக் கீழே போனால்தான் படியும். ஆகவே கடுங்குளிர் நாட்களில் ஈரப்பதத்தை 30, 35 சதவீதத்தில் வைப்பது நல்லது. அதை அளக்கும் சிறு கருவி சில டாலருக்குக் கிடைக்கும். முதல் வாரத்திலேயே வாங்கி வைக்க வேண்டிய பொருள் அது. சமைக்கும்போது அடுப்பின் மேலுள்ள காற்றுப்போக்கியை ஓட விட்டு, இறக்கிய பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். குளியலறையிலும் அப்படியே. பாத்திரத்தை மூடிச் சமையுங்கள். துணி உலர்த்தும் எந்திரம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கொடிதான் வழி என்றால் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தி, காற்றுப்போக்கியை ஓட விடுங்கள். கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் சில அங்குலம் தள்ளிப் போட்டால் பின்னால் பூஞ்சை பிடிக்காது. இத்தனையும் செய்த பிறகும் 50 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கட்டடத்தில் கசிவோ காற்றோட்டக் குறையோ இருக்கிறது. அப்போது அது வீட்டுக்காரரின் பொறுப்பு.

அடுக்குமாடியில் எட்டாம் மாடியில் குடியிருக்கும் ஒருவருக்கு நேர்மாறான அனுபவம் இருக்கலாம். சமையல் குறைவு, சூடு அதிகம், மூக்கில் இரத்தம் வரும் அளவுக்கு வறட்சி. மைனஸ் 10இல் இருக்கும் வெளிக்காற்று ஒரு கன மீட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல்தான் நீரைத் தாங்கும். அது உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடாகும்போது ஈரப்பதம் 12 சதவீதத்துக்கும் கீழே சரிகிறது. பாலைவனத்தில் இருப்பது போலத்தான். கதவுப் பிடியைத் தொட்டால் ‘சுரீர்’ என்று மின்சாரம் குத்துவதும், குதிகால் வெடிப்பதும், இரவில் தொண்டை காய்வதும் இதனால்தான். அந்த வீட்டில் துணியை உள்ளே காயப் போடுவதே மருந்து. ஒரே செயல் ஒரு வீட்டில் நோய், மற்றொரு வீட்டில் மருந்து. ஈரப்பதக் கருவியை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

வீட்டைச் சூடாக்குவது பற்றி. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஹீட்டருக்கான செலவு வாடகைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். சுவரடியில் மின்சார ஹீட்டர் இருந்து பில் உங்கள் பெயரில் வந்தால் ஜனவரி மாதம் கனமாக இருக்கும். தனி வீடுகளில் பெரும்பாலும் எரிவாயு உலை ஒன்று சூடான காற்றைக் குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பும். அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மேல் மாடியில் வீட்டுக்காரர் கையில் இருப்பது அடித்தளக் குடியிருப்பின் தீராத சச்சரவு. கட்டணத்தை வீட்டுக்காரர் ஏற்கும் இடங்களில் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி கொடுக்க வேண்டும் என்று டொராண்டோ நகர விதி சொல்கிறது. ஒரு வெப்பமானியைச் சுவரில் மாட்டி, வெவ்வேறு நேரங்களில் அளவைக் குறித்துப் படமெடுத்து வைத்துக்கொண்டு முதலில் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பயனில்லை என்றால் 311 என்ற எண்ணில் நகராட்சியிடம் முறையிடலாம்.

தரையிலுள்ள காற்றுத் துளைகளை சோபாவோ கம்பளமோ மூடாமல் இருக்கட்டும். கூடுதலாகச் சிறிய மின்சார ஹீட்டர் வைத்தால் அதை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால் அது சூடேறித் தீப்பிடிக்கலாம். திரை, மெத்தை எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடுப்பையோ அவனையோ திறந்து வைத்து அறையைச் சூடாக்குவது, தட்டில் கரி நெருப்பு வைத்துக் கணப்புக் காய்வது இரண்டையும் ஒருபோதும் செய்யாதீர்கள். அடைத்த வீட்டில் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் தேங்கிக் கொன்றுவிடும். ஒண்டாரியோவில் எரிவாயுக் கருவிகள் உள்ள வீடுகளில் படுக்கையறை அருகே அந்த வாயுவை அறியும் எச்சரிக்கைக் கருவி இருப்பது சட்டப்படி கட்டாயம். குடியேறும் அன்றே பொத்தானை அழுத்தி அது ஒலிக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே போனதும் தெளிந்தால், அது சளிக்காய்ச்சல் இல்லை. உடனே எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

அன்றாடப் பழக்கங்களில் சில மாற வேண்டும். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கிளம்புவது நம் வழக்கம். இங்கே முடி தெருவிலேயே விறைத்துவிடும், தலைக்குளியலை மாலைக்கு மாற்றுங்கள். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, உடம்பில் ஈரம் இருக்கும்போதே கனமான கிரீமையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவ வேண்டும். காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பயன்தான். வாசலில் ஒரு தட்டு வைத்து அதில் பூட்ஸை விடுங்கள். சாலையில் தூவும் உப்பு உருகி வீட்டுத் தரையையும் பூட்ஸின் தோலையும் அரித்துவிடும். நனைந்த பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் காலையில் உலர்ந்திருக்கும். ஹீட்டரின் மேல் நேராக வைக்காதீர்கள். பனிக்கட்டி மேல் நடக்கும்போது கையைக் கோட்டுப் பைக்குள் விடாமல், முழங்காலைச் சற்றே தளர்த்தி, சின்னச் சின்ன அடியாகப் பாதம் முழுவதையும் ஊன்றி வையுங்கள். இட்லி மாவு புளிக்க மறுத்தால், அணைத்து வைத்த அவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும்.

வெயிலைப் பற்றியும் யோசிக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் 9 மணி நேரத்துக்கும் குறைவு, மாலை 4.45க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரிவரை அந்த அட்சரேகையில் சூரிய ஒளியிலிருந்து தோல் வைட்டமின் டி செய்வது மிகக் குறைவு, நம் கறுத்த தோலுக்கு இன்னும் குறைவு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 அலகும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 400 அலகும் தேவை என்கிறது கனடா அரசின் பரிந்துரை. அங்கே விற்கும் பாலில் வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள். கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தாகக் கொடுக்கலாம். மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். மதிய இடைவேளையில் பத்து நிமிடமாவது வெளியே நடப்பது உறக்கத்துக்கும் மனதுக்கும் நல்லது. அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ‘குளிர்தானே’ என்று விட்டுவிடாமல் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, நம் தோலுக்கான ஓர் எச்சரிக்கை. குளிர் கடித்த இடம் முதலில் சிவக்கும் என்று எல்லாக் குறிப்புகளிலும் எழுதியிருக்கும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். விரல் நுனி, காது மடல், மூக்கு நுனி, கன்னம் ஆகிய இடங்களில் தோல் சாம்பல் நிறமாக வெளிறி, மெழுகு போல் விறைத்து, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் அது உறைகிறது என்று பொருள். வலி திடீரென்று நின்றுபோவது நல்ல அறிகுறி அல்ல. தேய்க்காதீர்கள், தீயிலோ ஹீட்டரிலோ காட்டாதீர்கள். உள்ளே வந்து, மோதிரம் போன்றவற்றைக் கழற்றிவிட்டு, 37 முதல் 39 டிகிரி வரையுள்ள, முழங்கைக்கு இதமாகத் தோன்றும் வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தை மூழ்க வைத்திருங்கள். அரைமணி நேரத்தில் நிறமும் உணர்ச்சியும் திரும்பாவிட்டால், அல்லது கொப்புளம் கிளம்பினால், மருத்துவமனைக்குப் போங்கள். இந்த ஆண்டு கிளம்புகிறவர்கள் பெட்டியில் ஸ்வெட்டரைக் குறைத்துவிட்டு, அந்தப் பணத்தில் டொராண்டோவில் இறங்கிய முதல் வாரமே நல்ல பூட்ஸ் வாங்குங்கள்.